வெள்ளைப் படமும் கறுப்புப் படமும்

உடனடிப் படக் கேமராவிலிருந்து வந்த தாள் கால் மணி நேரம் கழிந்தும் வெறும் வெள்ளையாகவே இருந்தால், ‘படமே விழவில்லை’ என்றுதான் யாருக்கும் சொல்லத் தோன்றும். ஒளி உள்ளே போகவில்லை என்று நினைத்து லென்ஸைத் துடைப்பார்கள். அந்த வெள்ளைத் தாள் சொல்லும் செய்தி இதற்கு நேர் எதிரானது. அதன்மேல் ஒளி தேவைக்கு மிக அதிகமாகப் பட்டிருக்கிறது. ஒளியே படாத தாள் வெள்ளையாக வராது, கரிக்கறுப்பாக வரும். கெட்டுப்போன படம் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மற்ற கோளாறுகளையெல்லாம் இதிலிருந்தே படிப்படியாகப் பிரித்தறியலாம்.

இது ஏன் இப்படி என்று பார்க்க, அந்தத் தாளுக்குள் போக வேண்டும். எட்வின் லேண்ட் தன் உடனடிப் படமுறையை நியூயார்க்கில் அறிஞர்கள் முன் காட்டியது 1947 பிப்ரவரியில். அப்போதும் அதற்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேலும், படம் தயாரானதும் இரண்டு தாள்களைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று படம், மற்றொன்று குப்பை. 1972இல் வந்த போலராய்டு எஸ்எக்ஸ்-70 கேமராதான் எல்லாவற்றையும் ஒரே தாளுக்குள் அடக்கியது. பிரிக்கவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். இன்று நம் ஊர்த் திருமணங்களிலும் பிறந்தநாள் விழாக்களிலும் கைக்குக் கை மாறும் சின்னச் சின்ன இன்ஸ்டாக்ஸ் படங்களும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். ஃபூஜி நிறுவனம் அவற்றை 1998இல் கொண்டுவந்தது. இந்த அத்தியாயத்தில் போலராய்டையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அதில் கோளாறுகள் அதிகம் வரும். அதனாலேயே உள்ளே நடப்பது அதில் நன்றாக வெளிப்படும்.

போலராய்டு படத்தின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் வெள்ளை விளிம்பு அகலமாக இருக்கும். பேனாவால் தேதி எழுத வைத்த இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் ஒரு சிறிய தகட்டுப் பை ஒளிந்திருக்கிறது. பைக்குள் கெட்டியான பசை. அதில் தண்ணீர், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற வலுவான காரம், வெள்ளை நிறத்துக்காக டைட்டானியம் டை ஆக்சைடு, இவற்றோடு வெளிச்சத்தைத் தடுக்கும் சில சாயங்களும் உண்டு. கேமரா தாளை வெளியே தள்ளும்போது அகல விளிம்புதான் முதலில் இரண்டு எஃகு உருளைகளுக்கிடையே போகிறது. அழுத்தத்தில் பை உடைகிறது. உருளைகள் தாளை இழுக்க இழுக்க, பசை இரண்டு ஏடுகளுக்கிடையே மேல்நோக்கிப் பரவுகிறது. பரவும் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மிச்சப் பசை எதிர்முனையில், மேல் விளிம்புக்குள், சிக்கிக்கொள்கிறது.

பசைக்குக் கீழே ஒளி உணரும் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. முதலடுக்கு நீல ஒளியை உணரும்; அதனுடன் மஞ்சள் சாயம். அடுத்தது பச்சை ஒளியை உணரும். அதனுடன் மெஜந்தா எனப்படும் செந்நீலச் சாயம். கடைசியாகச் சிவப்பு ஒளியை உணரும் அடுக்கு. அதனுடன் சயான் எனப்படும் பசுநீலச் சாயம். இவை வெறும் சாயங்கள் அல்ல. ஒவ்வொரு சாய மூலக்கூறோடும் படத்தைக் கழுவும் வேதிப்பொருள் ஒன்று பிணைக்கப்பட்டிருக்கும். போலராய்டின் ஹோவர்டு ரோஜர்ஸ் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது இந்தப் பிணைப்பு. காரப் பசை பட்டதும் சாயங்கள் கரைந்து மேலே கிளம்புகின்றன. ஒளி பட்ட வெள்ளி உப்பு வழியில் எதிர்ப்பட்டால், சாயம் அதனுடன் வினைபுரிந்து அங்கேயே கட்டுண்டு நின்றுவிடும். ஒளி படாத இடத்தில் தடுக்க யாருமில்லை. சாயம் நேராக மேலே போய், நாம் பார்க்கும் ஏட்டில் ஒட்டிக்கொள்ளும்.

அதாவது ஒளியின் வேலை சாயத்தை நிறுத்துவது. தாள் முழுவதும் ஒளி பட்டிருந்தால் மூன்று சாயங்களும் கீழேயே நின்றுவிடும். நமக்குத் தெரிவது டைட்டானியத்தின் வெள்ளை மட்டும். ஒளியே படாவிட்டால் மூன்றும் மேலே வந்து கலந்து கறுப்பாகும்.

இதை வைத்துக்கொண்டு ஒரு பேக்கைப் படித்துப் பார்ப்போம். டிசம்பர் மாதக் கோடைக்கானல், விடியற்காலை, ஏரிக்கரை. வெப்பநிலை எட்டு டிகிரி இருக்கும். ஒருவர் பழைய 600 வகைப் போலராய்டு கேமராவில் புதிதாக வாங்கிய வண்ண ஃபிலிமைப் போட்டு எடுக்கிறார். ஒரு பேக்கில் எட்டுத் தாள்கள். எட்டையும் எடுத்த வரிசையிலேயே மேசைமேல் பரப்பிவிட்டு, என்ன நடந்தது என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் படம் முழு வெள்ளை. இரண்டாவதில் மரங்களும் தண்ணீரும் இருக்கின்றன, ஆனால் ஒரு பக்க ஓரத்திலிருந்து வெளிறிய பட்டை ஒன்று உள்ளே பாய்ந்திருக்கிறது. மூன்றும் நான்கும் முழுப் படங்கள், ஆனால் சோகை பிடித்தவை. கறுப்பாக இருக்க வேண்டிய அடிமரம் சாம்பலாக இருக்கிறது, எல்லாவற்றின்மேலும் ஒரு நீலப் பச்சைச் சாயல். ஐந்தாவதிலும் ஆறாவதிலும் அதே சாயலோடு, மேல் மூலைகள் இரண்டும் படமே இல்லாமல் மொட்டையாக நிற்கின்றன. இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றிலும் சமமான இடைவெளி விட்டு சிறு சிறு புள்ளிகள். ஏழாவது தாள் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. அதை இழுத்து எடுத்ததில் கசங்கியிருக்கிறது. எட்டாவது, பொத்தானை அழுத்தாமலே தானாக வெளியே வந்தது. அதுவும் வெள்ளை.

முதல் இரண்டு படங்களுக்கும் காரணம் ஒன்றுதான். பேக்கைப் போட்டதும், மேலே காவலுக்கு வைத்திருக்கும் கறுப்பு அட்டையைக் கேமரா தானாக வெளியே தள்ளியது. அதன்பின், சரியாகத்தான் போட்டோமா என்ற சந்தேகத்தில் கதவை ஒருமுறை திறந்து பார்த்திருக்கிறார். மேலே இருந்த முதல் தாளில் ஒளி முழுவதுமாகக் கொட்டியது. ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் ஒளி புகாத கறுப்பு என்பதால் முதல் தாளே இரண்டாவதை மூடிக் காத்தது. ஓரத்தில் கசிந்த ஒளிதான் அந்தப் பட்டை. இது ஒரு உறுதியான அடையாளம். வெள்ளை முதலில் வந்து, அடுத்ததில் ஓரத்துக்கு ஒதுங்கி, அதற்கடுத்து மறைந்தால், கதவு திறக்கப்பட்டிருக்கிறது. மாறாக எட்டுமே வெள்ளையாக வந்திருந்தால் கதவைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அப்போது ஷட்டர் மூடாமல் திறந்தபடியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இடையில் எங்கோ ஒரு படம் மட்டும் வெளிறி வந்தால், கையைக் கவனியுங்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒளியை அளக்கும் சிறு கண் ஒன்று உண்டு. விரல் அதை மறைத்தால், கேமரா சுற்றிலும் இருட்டு என்று எண்ணி ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கும், படம் வெளிறும். அதே விரல் லென்ஸை மறைத்தால் படம் கறுத்துவிடும். மறைத்த விரல் ஒன்று, இடம் மட்டும் வேறு, விளைவு தலைகீழ்.

மூன்றாவதும் நான்காவதும்தான் இந்த மேசையில் மிகவும் யோசிக்க வைப்பவை. பார்த்தவுடன் ஒளி அதிகமாகிவிட்டது என்றே தோன்றும். ஆனால் ஒளி சரியாகத்தான் விழுந்தது. சாயம்தான் வந்து சேரவில்லை.

சாயங்கள் மேலே போக அளவற்ற நேரம் கொடுக்கப்படவில்லை. நாம் பார்க்கும் ஏட்டுக்குப் பின்னால் ஓர் அமிலப் படலம் இருக்கிறது. அது காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முறித்து, சாயங்களின் ஓட்டத்தை நிறுத்தும். நிறுத்தாவிட்டால் சாயம் வந்துகொண்டே இருந்து படம் இருண்டுபோகும். அமிலம் அவசரப்பட்டு முன்னதாகவே வேலையைத் தொடங்கிவிடாதபடி, அதற்கும் பசைக்கும் நடுவே நேரத்தைத் தாமதப்படுத்தும் இன்னொரு படலம். ஆக மூன்று வேகங்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஓட வேண்டும்: ஒளி பட்ட வெள்ளி உப்பு சாயத்தைப் பிடிக்கும் வேகம், பிடிபடாத சாயம் மேலே ஏறும் வேகம், அமிலம் காரத்தை முறிக்கும் வேகம். இவை மூன்றும் சூட்டுக்கும் குளிருக்கும் மாறுபவை. மாறும் அளவும் ஒன்றுக்கொன்று வேறு. போலராய்டு வண்ண ஃபிலிமில் இவை மூன்றும் 13 டிகிரி முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குக் கீழே இறங்கினால் சாயங்களின் ஓட்டம் தளர்ந்து, அவற்றில் ஒரு பகுதி மேலே சேராமலே படம் முடிந்துவிடுகிறது. அடர் கறுப்பு சாம்பலாவது இதனால்தான்.

நிறச் சாயலுக்கும் இதுவே காரணம், ஆனால் கணக்கு அவ்வளவு எளிதல்ல. சயான் அடுக்குதான் கடைசியில் இருக்கிறது. அந்தச் சாயம்தான் அதிக தூரம் ஏற வேண்டும். ஆகவே குளிரில் சயான் குறைந்து படம் சிவக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். நடப்பது அதுவல்ல. குளிரில் போலராய்டு படம் நீலத்துக்கும் பச்சைக்கும் சாய்கிறது. 28 டிகிரிக்கு மேலே மஞ்சளுக்கும் சிவப்புக்கும் சாய்கிறது. ஏறும் தூரத்தை மட்டும் வைத்து நிறத்தைச் சொல்ல முடியாது என்பதை இது காட்டுகிறது. ஒவ்வொரு சாயமும் எவ்வளவு விரைவாகக் கரைகிறது, எவ்வளவு விரைவாகப் பிடிபடுகிறது என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

இதில் நடைமுறைக்கு ஒரு பாடம் இருக்கிறது. வெளிறிய படத்தைப் பார்த்ததும் கேமராவில் உள்ள வெளிச்சக் கட்டுப்பாட்டை இருட்டுப் பக்கம் தள்ளத் தோன்றும். தள்ளினால் படம் ஓரளவு கறுக்கும். நிறம் திரும்பாது. குளிரால் வந்த குறையைத் தீர்ப்பது சூடுதான். அதுவும் தாள் வெளிவந்த உடனே வேண்டும். சாயங்களின் ஓட்டம் பெரும்பாலும் முதல் சில நிமிடங்களில் நடந்துவிடுவதால், அரைமணி கழித்துச் சூடு காட்டிப் பயனில்லை. கோடைக்கானல்காரர் செய்திருக்க வேண்டியது இது: கேமராவை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு, எடுக்கும் நேரத்தில் மட்டும் வெளியே கொண்டுவர வேண்டும்; படம் வந்ததும், மடங்காமல் நசுங்காமல், முகம் கீழாகச் சட்டையின் உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்துவிட வேண்டும். வண்ணப் படமாக இருந்தால் பத்து முதல் பதினைந்து நிமிடம் அங்கேயே இருக்கட்டும். இன்ஸ்டாக்ஸுக்கு 5 முதல் 40 டிகிரி வரை இடமிருக்கிறது. பத்து டிகிரிக்குக் கீழே போனால் அதையும் ஒன்றரை நிமிடம் பைக்குள் வைக்கச் சொல்கிறார்கள்.

சமவெளியில் வாழும் நமக்குக் குளிர்ச் சாயல் அரிது. சென்னையிலோ மதுரையிலோ நிழலில்கூட 28 டிகிரியைத் தாண்டும் நாட்கள்தான் அதிகம். அங்கே எடுத்த போலராய்டு படங்கள் செம்மஞ்சளாக வருவதைப் பலர் ‘பழைய கால அழகு’ என்று பாராட்டுகிறார்கள். பிடித்திருந்தால் சரி. பிடிக்காதவர்கள், எடுத்த படத்தைக் குளிர்ந்த அறையில் வைத்துத் தயாராக விடலாம். வெயில் அடிக்கும் காரிலோ பைக் பெட்டியிலோ மட்டும் வைக்கக் கூடாது.

ஐந்தாவது, ஆறாவது படங்களின் மொட்டை மூலைகள் ஒளியாலோ சாயத்தாலோ வந்தவை அல்ல. பசை அங்கே போய்ச் சேரவே இல்லை. மார்கழியில் தேங்காய் எண்ணெய் புட்டியில் அசைய மறுப்பதுபோல, குளிரில் பசையும் இறுகி மந்தமாகிறது. பை கீழ் விளிம்பில் இருப்பதால், கடைசியில் நனைய வேண்டியவை மேல் மூலைகள். குறைவதும் முதலில் அங்கேதான். இதே குறை குளிரே இல்லாத இடத்திலும் வருவதுண்டு. பல ஆண்டுகள் பழைய ஃபிலிமில் பையிலுள்ள தண்ணீர் வற்றிப் பசை குறைந்துபோகும். ஆகவே மூலைகள் மொட்டையாக வந்தால் வெப்பநிலையையும் தயாரிப்புத் தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படத்தை விசிறிக் காயவைக்கும் பழக்கம் இங்கே கெடுதல் செய்யும். ஆட்டுவது பழைய, பிரித்தெடுக்கும் படங்களின் ஈரம் உலரச் செய்த காரியம். ஒரே தாளாக அமைந்த படத்தில் உலர வேண்டியது எதுவும் வெளியே இல்லை. ஆட்டினால் உள்ளிருக்கும் ஏடுகள் அங்கங்கே விலகித் திட்டு விழலாம். 2003இல் வந்த ‘ஹே யா’ என்ற அமெரிக்கப் பாட்டு ஆட்டச் சொல்லிப் புகழ் பெற்றபோது, போலராய்டு நிறுவனமே அப்படிச் செய்யாதீர்கள் என்று விளக்க வேண்டியதாயிற்று.

புதிய போலராய்டு ஃபிலிமில் வெளியே வரும் தாளின் முதல் சில நொடிகளும் ஆபத்தானவை. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பசையில் ஒளியைத் தடுக்கும் சாயங்கள் உண்டு என்றேன் அல்லவா? காரம் மிகுந்திருக்கும்வரை அவை அடர்நிறமாக இருந்து, பட்டப்பகலிலும் கீழ் அடுக்குகளுக்கு இருட்டறையாக நிற்கும். அமிலம் காரத்தை முறித்ததும் அவை நிறமிழந்து மறையும். படம் மெல்ல வெளிப்படும். எஸ்எக்ஸ்-70இன் அசல் ஃபிலிமில் இந்தத் திரை தாள் வெளிவந்தவுடனே விழுந்தது. 2008இல் போலராய்டு உடனடி ஃபிலிம் தயாரிப்பைக் கைவிட்டது. நெதர்லாந்தின் என்ஷெடே நகரத் தொழிற்சாலையில் இருந்த இயந்திரங்களை ஃப்ளோரியன் காப்ஸ், ஆந்த்ரே போஸ்மன் ஆகியோர் தொடங்கிய ‘இம்பாசிபிள்’ குழு காப்பாற்றியது. இயந்திரங்கள் கிடைத்தன, பழைய வேதிப்பொருள்கள் பலவற்றைத் தயாரிப்பவர்கள் யாரும் இல்லை. ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாகக் கண்டுபிடித்து 2010இல் முதல் ஃபிலிமை வெளியிட்டார்கள். அதில் ஒளித்திரை மெதுவாகத்தான் விழுந்தது. வெளியே வந்த தாளை உடனே மறைக்காவிட்டால் படம் வெளிறியது. ஆண்டுக்காண்டு அது தேறியிருக்கிறது, ஆனாலும் இன்றும் கேமராவின் வாயில் சுருள்திரை ஒன்றை வைத்துத்தான் தாளை மறைக்கிறார்கள். தாள் வந்ததும் சுருள்திரை அதன்மேலேயே சில நொடிகள் படுத்திருக்கட்டும். பழைய கேமராக்களில் அந்தத் திரை இருக்காது. தனியாக வாங்கிப் பொருத்தலாம். ‘இம்பாசிபிள்’ நிறுவனத்தின் பெயரும் 2020இலிருந்து மறுபடியும் போலராய்டாகிவிட்டது.

இனி அந்தப் புள்ளிகள். ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் குறி எதுவானாலும், அது சுழலும் ஒன்றிலிருந்துதான் வர முடியும். கேமராவில் தாளின்மேல் சுழல்பவை அந்த இரண்டு உருளைகளே. முந்தைய பேக்கில் கசிந்த பசை உருளையில் காய்ந்து கெட்டிப்பட்டால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அந்த இடம் தாளை மற்ற இடங்களைவிட அதிகமாக அழுத்தும். அங்கே பசைப்படலம் மெலிந்து புள்ளியாகும். இரண்டு புள்ளிகளுக்கிடையே உள்ள தூரம் உருளையின் சுற்றளவு. சுத்தம் செய்வது எளிது. பேக் காலியானதும் கதவைத் திறந்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் உருளைகளை விரலால் சுழற்றிச் சுழற்றித் துடைக்க வேண்டும். கத்தியோ ஊசியோ கொண்டு சுரண்டக் கூடாது. ஒரு கீறல் விழுந்தாலும் அது எல்லாப் படத்திலும் நிலையான குறியாகிவிடும். பசை விரலில் பட்டால் உடனே கழுவுங்கள். அது தோலை அரிக்கும் காரம். ஒவ்வொரு புதிய பேக்குக்கும் முன் துடைத்துவிடுவது நல்ல வழக்கம்.

ஏழாவது தாள் ஏன் நின்றது? அழுக்கான உருளைகள் இயல்பைவிடக் கடினமாகச் சுழன்றிருக்கும். இறுகிய பசையைப் பரப்ப மோட்டாருக்குக் கூடுதல் பலம் தேவைப்பட்டிருக்கும். அதே குளிரில் பாட்டரியும் சோர்ந்திருக்கும். பழைய 600, எஸ்எக்ஸ்-70 கேமராக்களில் பாட்டரி கேமராவுக்குள் இல்லை. ஒவ்வொரு ஃபிலிம் பேக்கின் அடியிலும் ஆறு வோல்ட் தட்டைப் பாட்டரி ஒன்று இருக்கிறது. பேக் மாறும்போது மின்சாரமும் புதிதாகிறது. இதை அறியாத பலர், காலாவதியான பேக் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, நல்ல கேமராவையே செத்துப்போனதாக எண்ணித் தூக்கி வைத்துவிடுகிறார்கள். எஸ்எக்ஸ்-70 வந்த புதிதில் போலராய்டே இதில் அடிபட்டது. கடை அலமாரியில் இருக்கும்போதே பாட்டரிகள் வலுவிழக்க, நிறுவனம் கடைசியில் தானே பாட்டரி தயாரிக்க இறங்கியது. இன்ஸ்டாக்ஸிலும், ஐ-டைப் ஃபிலிமைப் பயன்படுத்தும் புதிய போலராய்டு கேமராக்களிலும் பாட்டரி கேமராவில்தான். இன்ஸ்டாக்ஸில் தாள் பாதியில் நின்றால், அதை இழுக்காமல் முதலில் புதிய செல்களைப் போட்டு கேமராவை இயக்கிப் பாருங்கள். விட்ட இடத்திலிருந்து தாளை அதுவே தள்ளி முடித்துவிடுவதுண்டு.

தாள் சிக்குவதற்கு இன்னொரு காரணம் வளைவு. கேமராவுக்குள் ஒரு சிறு கொக்கி, மேலே உள்ள தாளின் பின்விளிம்பைத் தள்ளி, பேக்கின் முன்பக்கப் பிளவு வழியாக உருளைகளிடம் அனுப்புகிறது. பேக்குக்குள் வில் ஒன்று மற்றத் தாள்களை மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருக்கிறது. பேக் எங்காவது கனத்தின் கீழ் நசுங்கி வளைந்திருந்தால், கொக்கி விளிம்பைத் தவறவிடும். அல்லது இரண்டு தாள்களைச் சேர்த்துத் தள்ளும். இரண்டாக வந்தால் கண்டிப்பாகச் சிக்கும். பேக்கைப் போடும்போது நடுவில் பிடித்து அமுக்காமல் ஓரங்களைப் பிடிக்கச் சொல்வது இதற்குத்தான். இன்ஸ்டாக்ஸ் பேக்கின் பின்பக்கத்தில் இரண்டு நீள்சதுரத் துளைகள் இருக்கும். அவற்றுக்குள் விரலால் அமுக்கினால் தாள்கள் வளைந்துவிடும்.

எட்டாவது படத்தின் கதை ஏழாவதோடு பின்னியது. சிக்கிய தாளை எடுக்க, கோடைக்கானல்காரர் வெளிச்சத்திலேயே கதவைத் திறந்து பேக்கை உருவியிருக்கிறார். அடுத்திருந்த எட்டாவது தாள் அப்போதே வெள்ளையாகிவிட்டது. பேக்கை மறுபடி போட்டதும், எண்ணிக்கை காட்டும் சக்கரம் முதலுக்குத் திரும்பிவிட்டதால், கேமரா அதைப் புதிய பேக் என்று எடுத்துக்கொண்டது. புதிய பேக் என்றால் முதலில் இருப்பது கறுப்பு அட்டை. அதை வெளியே தள்ள வேண்டும். அட்டை இருக்கும் இடத்தில் இருந்ததோ எட்டாவது தாள். அதைத் தள்ளிவிட்டது.

இதைத் தவிர்க்க வழியிருக்கிறது. முதலில் வந்த கறுப்பு அட்டையைத் தூக்கியெறியாமல் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தாள் சிக்கினால், ஜன்னலில்லாத குளியலறையிலோ கனத்த போர்வைக்குள்ளோ கையை விட்டுத் தடவியே கதவைத் திறந்து, சிக்கியதை வெளிவரும் திசையிலேயே மெதுவாக விடுவிக்கலாம். பேக்கை வெளியே எடுத்தே ஆக வேண்டுமென்றால், எடுத்து, கறுப்பு அட்டையை மீதமுள்ள தாள்களின் மேல் முன்பிருந்தபடியே செருகிவிட்டுத் திரும்பப் போட வேண்டும். கேமரா அட்டையைத் தள்ளிவிட்டு மிச்சத் தாள்களை அப்படியே காப்பாற்றித் தரும். எண்ணிக்கை மட்டும் தவறாகக் காட்டும். சரியான எண்ணிக்கையைத் தனியே குறித்துவைத்துக்கொள்ளலாம். எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய கேமராக்கள் பத்துத் தாள் இருந்த காலத்தில் செய்யப்பட்டவை, பத்திலிருந்து இறங்கும். இன்றைய பேக்கில் எட்டுத்தான். ஆகவே சக்கரம் இரண்டைக் காட்டும்போதே பேக் காலி. அதைச் சிக்கல் என்று நினைத்துத் திறந்து பார்க்க வேண்டாம்.

சேமிப்பில் எல்லாம் பசையைச் சுற்றியே வருகிறது. போலராய்டு பேக்குகளைப் பிரிக்காத உறையோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், 4 முதல் 18 டிகிரிக்குள், படுக்கையாக வைக்க வேண்டும். மேலே கனமான எதையும் ஏற்றக் கூடாது. உறைபனித் தட்டில் வைக்கவே கூடாது. பசையிலிருக்கும் தண்ணீர் உறைந்தால் பசை கெட்டுப்போகும், அதன்பின் சீராகப் பரவாது. சாதாரணச் சுருள் ஃபிலிமை உறையவைத்துப் பல ஆண்டுகள் காப்பாற்றலாம். அந்தப் பழக்கத்தில் இதையும் உறையவைப்பவர்கள் முழுப் பேக்கையும் இழக்கிறார்கள். பெட்டியில் தயாரிப்புத் தேதி அச்சிட்டிருக்கும். குளிரில் வைத்தாலும் அதிலிருந்து ஓராண்டுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. இன்ஸ்டாக்ஸ் இதைவிடப் பொறுமையானது; அதன் பெட்டியில் காலாவதித் தேதியே இருக்கும்.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உறையைப் பிரிக்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளின்மேல் உடனே நீராகப் படியும். பசை உரிய வெப்பத்துக்கு வராமல் கோடைக்கானலின் நீலப் பச்சையை இங்கேயே கொண்டுவந்துவிடும். ஒரு மணி நேரமாவது வெளியே வைத்துவிட்டுப் பிரிக்கலாம். பிரித்த பேக்கைக் கேமராவுக்குள் மாதக்கணக்கில் விட்டுவைக்காமல் எடுத்து முடித்துவிடுங்கள். விமானத்தில் போனால் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள், சரக்கோடு போகும் பெட்டிகளுக்கான எக்ஸ்ரே வலுவானது. கைப்பைகளையும் இப்போது சிடி ஸ்கேன் செய்யும் நிலையங்கள் பெருகிவருகின்றன. அங்கே ஃபிலிமைத் தனியே எடுத்துக் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

கடைசித் தாளும் வெளியேறிய பேக்கையும் உடனே எறிந்துவிட வேண்டாம். பழைய 600 வகைப் பேக்கின் பாட்டரியில் பெரும்பாலும் இன்னும் மின்சாரம் மிச்சமிருக்கும். சந்தையில் பழைய கேமரா ஒன்றைக் கண்டால், அந்தக் காலிப் பேக்கைப் போட்டுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஷட்டர் ஒலித்து, மோட்டார் சுழன்று, உருளைகள் திரும்பினால் கேமராவுக்கு உயிர் இருக்கிறது. விலை கொடுத்து வாங்கிய தாள் ஒன்றைக்கூட வீணாக்காமல் இதைத் தெரிந்துகொள்ளலாம்.